எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்பப் பெற: கோட்டாட்சியரிடம் மனு கொடுப்பது எப்படி?

பெரியம்மா ஜவுளிக்கடைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு கத்தைத் தாளை எடுத்து என் முன் வைத்தார். 2018இல் இளைய மகன் பெயருக்கு வீட்டை எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட் பத்திரத்தின் ஜெராக்ஸ் அது. மூலப் பத்திரம் மகனின் பீரோவில். பெரியம்மாவோ அந்த வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி, 3,500 ரூபாய் வாடகைக்கு ஓர் ஓட்டு அறையில். "என் வீட்டுக்கு நான் திரும்பிப் போக முடியுமா, இல்லை அது முடிந்த கதையா?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி.

முடிந்த கதை இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 இதற்காகவே இருக்கிறது. பராமரிப்புத் தொகை கேட்பதற்கும், எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பக் கேட்பதற்கும் அதில் ஒரே மனு போதும். அந்த மனுவைத் தயாரித்து, கொடுத்து, உத்தரவு வாங்கும் வரை பெரியம்மாவுடன் அலைந்ததில் நான் கற்றுக்கொண்டதை, இதே நிலையில் இருப்பவர்களுக்கும் அவர்களுக்குத் துணை போகிறவர்களுக்கும் வரிசையாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதுகிறேன்.

பத்திரத்தை முதலில் முழுதாகப் படியுங்கள்

மனு எழுத உட்காருவதற்கு முன் பத்திரம் கையில் இருக்க வேண்டும். மூலப் பத்திரம் மகனிடமோ மகளிடமோ இருந்தால் அதற்காகச் சண்டை போட வேண்டாம். பத்திரம் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். பத்திர எண் தெரியாவிட்டால் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். tnreginet.gov.in தளத்தில் கிராமம், சர்வே எண்ணைக் கொடுத்துத் தேடினால் எந்த ஆண்டில், எந்த எண்ணில் பதிவானது என்று வரும். அதைவிட முக்கியமான ஒன்றையும் வில்லங்கம் காட்டிவிடும். மகன் அந்த வீட்டை வேறு யாருக்காவது விற்றிருக்கிறாரா, வங்கியில் அடமானம் வைத்திருக்கிறாரா என்பதுதான் அது. விற்றிருந்தால் வழக்கு வேறு மாதிரி ஆகிவிடும். பணம் கொடுத்து வாங்கிய மூன்றாம் நபரிடமிருந்து வீட்டை மீட்பது கடினம். அந்த நிலையில் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பத்திரத்தில் மூன்று இடங்களைத் தேடிப் படிக்க வேண்டும்.

ஒன்று, தேதி. சொத்தைத் திரும்பக் கேட்க வழி செய்யும் 23ஆம் பிரிவு, சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்குத்தான் பொருந்தும். தமிழ்நாட்டில் சட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. 2002இல் எழுதிக் கொடுத்த வீட்டை இந்த வழியில் மீட்க முடியாது. பராமரிப்புத் தொகை மட்டும் கேட்கலாம்.

இரண்டு, என்ன வகைப் பத்திரம் என்பது. தானம், செட்டில்மென்ட் என்று இருந்தால் இந்தச் சட்டத்துக்குள் வரும். உண்மையாகப் பணம் வாங்கிக்கொண்டு எழுதிய கிரயம் என்றால் வராது. உயில் என்றால் மனுவே தேவையில்லை. உயிர் உள்ளவரை உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்தும் செய்யலாம். "எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்று அழுதுகொண்டு வருகிறவர்களில் சிலர் எழுதியது உயிலாகவே இருக்கும். அதனால்தான் முதலில் படிக்கச் சொல்கிறேன்.

மூன்று, ஏன் கொடுக்கிறேன் என்று சொல்லும் வரி. மனுவின் உயிர் இதில்தான் இருக்கிறது. "என்னை ஆயுள் உள்ளவரை வைத்துக் காப்பாற்ற வேண்டும்" என்ற நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால் வழக்கு பாதி வென்ற மாதிரிதான். பெரியம்மாவின் பத்திரத்தில் அப்படி எதுவும் இல்லை. "நீ என் மகனாகையாலும், உன்பேரில் எனக்குள்ள அன்பு, பாசத்தினாலும்" என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே, இந்த செட்டில்மென்டை எக்காலத்திலும் எக்காரணத்தைக் கொண்டும் ரத்து செய்ய மாட்டேன் என்று இன்னொரு வரி. பல பெற்றோர் இந்த இரண்டாவது வரியைப் பார்த்துத்தான் பயந்துபோய் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அது வழக்கமாகப் பத்திர எழுத்தர்கள் சேர்க்கும் வரி. அது இருக்கிறது என்பதாலேயே 23ஆம் பிரிவின் கதவு மூடிவிடாது.

"அன்பு, பாசம்" மட்டும் எழுதியிருந்தால்?

பெரும்பாலான பத்திரங்கள் இப்படித்தான் இருக்கின்றன. அதனால் இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

23ஆம் பிரிவு இரண்டு விஷயங்களைக் கேட்கிறது. எழுதிக் கொடுத்த தாய் அல்லது தந்தையின் அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்து கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். வாங்கியவர் அந்தக் கவனிப்பைத் தர மறுத்திருக்க வேண்டும் அல்லது தவறியிருக்க வேண்டும். இரண்டும் நிரூபணமானால், அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ எழுதி வாங்கப்பட்டதாகக் கருதப்படும். பெற்றவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம்.

2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், நிபந்தனை இருந்தது என்பதைப் பெற்றவர் நிலைநாட்ட வேண்டும், சும்மா எழுதிக் கொடுத்ததாலேயே நிபந்தனை இருந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம், இது முதியவர்களைக் காப்பதற்கான சட்டம், அதை அந்த நோக்கத்தோடு தாராளமாகப் படிக்க வேண்டும் என்றது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தாயின் வழக்கு அது. மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்தபோது, கடைசிவரை பார்த்துக்கொள்வேன் என்று மகன் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். தானப்பத்திரத்தை ரத்து செய்து, வீட்டைத் தாயிடம் ஒப்படைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சென்னை உயர் நீதிமன்றமோ 2023இல் ஒரு திருப்பூர் வழக்கிலும், 2025 மார்ச்சில் ஒரு நாகப்பட்டினம் வழக்கிலும் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. அன்பையும் பாசத்தையும் காரணமாகச் சொல்லி எழுதும் பத்திரத்திலேயே, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை உள்ளடங்கி இருக்கிறது என்றது.

இதை வைத்துக்கொண்டு "பத்திரத்தில் பாசம் என்று இருக்கிறது, அதுவே போதும்" என்று மனு எழுதிவிடாதீர்கள். எதிர்த் தரப்பு 2022 தீர்ப்பைக் காட்டும். பத்திரத்தில் இல்லாத வாக்குறுதி உண்மையில் இருந்தது என்பதை வேறு வழிகளில் காட்டத் தயாராகப் போங்கள்.

பெரியம்மா விஷயத்தில் எங்களுக்குக் கிடைத்தவை இவை. வீட்டை இளையவன் பெயருக்கு எழுதியபோது மூத்த மகனும் மகளும் ஏன் எதிர்க்கவில்லை என்று கேட்டேன். "அம்மாவை அவன்தான் வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான், அதனால் விட்டுக் கொடுத்தோம்" என்றார்கள் இருவரும். அதையே கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னேன். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட எதிர் வீட்டுக்காரரும் அன்று நடந்த பேச்சை எழுதிக் கொடுத்தார். பிறகு பெரியம்மாவின் வங்கிப் பாஸ்புக். பத்திரம் பதிவான அடுத்த மாதத்திலிருந்து மகன் மாதாமாதம் 4,000 ரூபாய் போட்டிருக்கிறான். 2022 வரை அது வந்திருக்கிறது, பிறகு நின்றுவிட்டது. எழுதி வாங்கிய மறுமாதமே தொடங்கிய அந்தப் பணம், வாக்குறுதி இருந்தது என்பதற்கு மகனே கொடுத்த ஆதாரம். எத்தனையோ வார்த்தைகளால் சொல்ல முடியாததை அந்தப் பாஸ்புக்கின் ஒரு பக்கம் சொன்னது. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும். பத்திரத்துக்குப் பிறகும் பெற்றவர் அதே வீட்டில் வாழ்ந்ததைக் காட்டும் ரேஷன் அட்டை, மகன் கட்டிய மருத்துவமனை ரசீது, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வந்த குறுஞ்செய்தி என எதுவானாலும் எடுத்து வையுங்கள்.

யாரிடம் போக வேண்டும், யாரிடம் போகக் கூடாது

இந்தச் சட்டத்தின் கீழ் மனுவை விசாரிக்கும் பராமரிப்புத் தீர்ப்பாயத்தின் தலைவர் வருவாய் கோட்டாட்சியர். சில கோட்டங்களில் அந்த இடத்தில் சார் ஆட்சியர் இருப்பார். பெற்றவர் இப்போது வசிக்கும் இடம், கடைசியாக வசித்த இடம், பிள்ளை வசிக்கும் இடம் ஆகியவற்றில் எந்த மாவட்டத்திலும் மனு கொடுக்கலாம். மகன் சென்னையில் இருக்கிறான் என்பதற்காகத் தஞ்சாவூரிலிருக்கும் தாய் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

பலர் முதலில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், நான் எழுதியதை நானே ரத்து செய்கிறேன் என்று பத்திரம் போடப் பார்க்கிறார்கள். நிபந்தனையில்லாமல் கொடுத்து, வாங்கியவர் ஏற்றுக்கொண்ட செட்டில்மென்டை ஒருதலையாக ரத்து செய்யும் பத்திரம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வழியில் பணத்தையும் மாதங்களையும் இழக்காதீர்கள்.

பராமரிப்புத் தொகை மட்டும் போதும், வீடு பிரச்சினை இல்லை என்றால் இன்னொரு வழி உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு இப்போது புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாக இருக்கிறது. அதன் கீழ் நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம். கோட்டாட்சியர் மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரைதான் உத்தரவிட முடியும். நீதிமன்றத்தில் அந்த உச்சவரம்பு இல்லை. ஆனால் பராமரிப்புத் தொகைக்கு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நீதிமன்ற வழியில் வீடு திரும்பாது. வீடும் வேண்டும் என்றால் கோட்டாட்சியரிடம்தான் போக வேண்டும்.

மனுவில் என்ன எழுத வேண்டும்

வெள்ளைத் தாளில், தமிழில், பெற்றவர் சொல்வது போலவே எழுதலாம். சட்டத்தில் தெளிவில்லாவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுவை எழுதித் தரக் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெற்றவரால் நேரில் போக முடியாவிட்டால், அவர் அதிகாரம் கொடுக்கும் வேறொருவரோ ஓர் அமைப்போ அவருக்காக மனு கொடுக்கலாம்.

எதிர்மனுதாரர் யார் என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். கோபம் இளையவன் மேல் என்பதால் அவன் பெயரை மட்டும் போடுகிறார்கள். பராமரிக்கும் கடமை மகன், மகள், வயது வந்த பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் உண்டு. ஒருவர் மேல் மட்டும் கேட்டால், "அண்ணனையும் அக்காவையும் சேர்க்க வேண்டும்" என்று அவர் மனுப் போடுவார். அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதிலேயே வாரங்கள் ஓடும். பராமரிப்புக்கு எல்லாப் பிள்ளைகளையும், வீட்டுக்கு அதை வாங்கியவரையும் சேர்த்துவிடுங்கள். மருமகளின் பெயரிலும் சேர்த்து எழுதியிருந்தால் சொத்தை வாங்கியவர் என்ற முறையில் அவரையும் சேர்க்க வேண்டும். பெரியம்மாவுக்கு மகள் பெயரையும் எழுத மனமில்லை. "அவள் என்ன பாவம் செய்தாள்?" என்றார். உண்மைதான். ஆனால் சேர்த்ததால்தான் மகள் விசாரணைக்கு வந்து, வாக்குறுதி பற்றித் தன் வாயாலேயே சொல்ல முடிந்தது.

ஒவ்வொருவருக்கும் வீட்டு முகவரியோடு வேலை செய்யும் இடத்தின் முகவரியும் கைப்பேசி எண்ணும் கொடுங்கள். தீர்ப்பாயம் 90 நாட்களில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் ஒரே ஒரு முறை 30 நாள் நீட்டிக்கலாம். ஆனால் அந்த 90 நாள் மனு கொடுத்த தேதியிலிருந்து ஓடுவதில்லை. பிள்ளைக்கு நோட்டீஸ் சேர்ந்த தேதியிலிருந்துதான் ஓடும். கதவைப் பூட்டிக்கொண்டு நோட்டீஸை வாங்காமல் இழுத்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டுமென்றே தவிர்க்கிறார் என்று தெரிந்தால், அவர் வராமலேயே விசாரித்து உத்தரவு போடத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

கதையைத் தேதி வரிசையில் எழுதுங்கள். வீடு யாருடைய சம்பாத்தியம், எப்போது எழுதிக் கொடுத்தீர்கள், அப்போது யார் என்ன சொன்னார்கள், எத்தனை காலம் பார்த்துக்கொண்டார்கள், எப்போது நின்றது, எப்படி வெளியே வர நேர்ந்தது என்று வரட்டும். "கொடுமைப்படுத்தினார்கள்" என்ற பொதுவான சொல்லுக்கு எடை குறைவு. பெரியம்மாவின் மனுவில் நாங்கள் எழுதிய ஒரு வாக்கியம் இப்படி இருந்தது: "2023 தை மாதம், எனக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்த பத்தாம் நாள், நான் சமைக்கும் பின்கட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள்." விசாரணையில் கோட்டாட்சியர் அந்த வரியை மகனிடம் படித்துக் காட்டி, "பூட்டுப் போட்டீர்களா?" என்று கேட்டார். அவனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

செலவையும் கணக்காக எழுதுங்கள். வாடகை 3,500, அரிசி மளிகை 3,000, சர்க்கரை மற்றும் ரத்த அழுத்த மாத்திரைகள் 1,400, பால், கேஸ், மின்சாரம் 1,100, ஆக 9,000 என்று பெரியம்மாவின் மனுவில் இருந்தது. மருந்துச் சீட்டும் வாடகை ரசீதும் பின்னால் இணைத்தோம். பிள்ளைகளின் வேலை, தோராயமான வருமானம், சொந்த வாகனம், வாடகைக்கு விட்டிருக்கும் கடை என்று தெரிந்தவற்றையும் எழுத வேண்டும். தொகையை முடிவு செய்யத் தீர்ப்பாயம் அதைத்தான் பார்க்கும்.

கடைசியில் வருவது கோரிக்கைப் பகுதி. கேட்காததைத் தர மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள். நாங்கள் கேட்டவை இவை: விசாரணை முடியும்வரை இடைக்காலப் பராமரிப்புத் தொகை, மாதம் 9,000 ரூபாய் நிரந்தரத் தொகை, இன்ன சார்பதிவாளர் அலுவலகத்தில் இன்ன ஆண்டின் இன்ன எண் கொண்ட செட்டில்மென்ட் பத்திரம் 23ஆம் பிரிவின்படி செல்லாது என்ற அறிவிப்பு, அதைப் பதிவேட்டில் குறிக்கும்படி சார்பதிவாளருக்கு உத்தரவு, வீட்டின் சுவாதீனத்தை இன்ன தேதிக்குள் ஒப்படைக்கும்படியும், மறுத்தால் காவல்துறை உதவியுடன் ஒப்படைக்கும்படியும் உத்தரவு. இந்தக் கடைசி ஒன்றை விட்டுவிட்டால், பத்திரம் ரத்தாகும், மகன் மட்டும் வீட்டுக்குள்ளேயே இருப்பான். சுவாதீனத்தை ஒப்படைக்க உத்தரவிடும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று 2025 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

வீட்டில் மருமகள் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி கணவருடன் வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை அவருக்கு இருக்கலாம். அந்த உரிமையை இந்தச் சட்டத்தைக் காட்டித் தட்டிவிட முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மகனோடு தகராறில் இருக்கும் மருமகளை வெளியேற்றுவதற்காக மாமனார் மாமியார் பெயரில் மனுப் போடும் வேலையைச் செய்யாதீர்கள். அது நியாயமும் இல்லை, நிற்கவும் நிற்காது.

கொடுப்பதும் விசாரணையும்

திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்தாலும் மனு கோட்டாட்சியருக்குத்தான் வரும். இடையில் அது பொதுவான குறைதீர் மனுவாகப் பதிவாகி, "காவல் நிலையத்தை அணுகவும்" என்ற பதிலோடு முடிந்துபோவதும் உண்டு. நேராகக் கோட்டாட்சியர் அலுவலகத்திலேயே கொடுத்து, எண்ணும் தேதியும் போட்ட ஒப்புகை வாங்குங்கள். எங்களிடம் முதலில் ஒப்புகை தர மறுத்தார்கள். மனுவின் தலைப்பில் சட்டத்தின் பெயரையும் 5, 23ஆம் பிரிவுகளையும் எழுதியிருந்ததைக் காட்டிய பிறகு முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். அதனால் தலைப்பிலேயே பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். எதிர்மனுதாரர் எத்தனை பேரோ அத்தனை நகல், அலுவலகத்துக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. அடி, மிரட்டல் இருந்தால் காவல் நிலையத்தில் தனியாகப் புகார் கொடுத்து, மனு ஏற்புச் சான்றின் நகலையும் இணையுங்கள். அவசரத்துக்கு முதியோர் உதவி எண் 14567.

இந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, இரு தரப்பும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. பெற்றவர் விரும்பினால் அவர் சார்பில் பராமரிப்பு அலுவலர் பேசலாம். அதனால் பெற்றவர் தாமே பேச வேண்டியிருக்கும். பெரியம்மாவிடம் நான் ஒரே ஒன்றுதான் சொன்னேன்: கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், மருமகளைத் திட்டாதீர்கள். கோட்டாட்சியர் கூர்ந்து பார்ப்பது ஒன்று உண்டு. இது உண்மையில் அம்மாவின் மனுவா, சொத்தில் பங்கு கிடைக்காத அண்ணன் அம்மாவை முன்னால் நிறுத்திப் போட்ட மனுவா? எங்களிடமும் அந்தக் கேள்வி வந்தது. மூத்த மகனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "வீடு திரும்பக் கிடைத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். "அதில் படுத்துச் சாவேன் ஐயா" என்றார் பெரியம்மா.

விசாரணைக்கு முன்போ நடுவிலோ சமரச அலுவலரிடம் அனுப்பலாம். ஒரு மாதத்துக்குள் அவர் அறிக்கை தர வேண்டும். பிள்ளைகள் இங்கே கண் கலங்குவார்கள், "இனிமேல் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். பெற்ற மனம் இளகும்; மனுவைத் திரும்பப் பெறுவதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்று மாதத்தில் பழைய நிலைதான், மறுபடி முதலிலிருந்து மனு. சமரசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சமரசம் என்றால் எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில், வீட்டில் எந்த அறை, சமையலறைக்கும் கழிப்பறைக்கும் வழி என்ன என்று எழுத்தில் வர வேண்டும். அதையே தீர்ப்பாயத்தின் உத்தரவாகப் போடும்படி கேளுங்கள். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உத்தரவாக இருந்தால், மீறும்போது அதை வைத்தே நடவடிக்கை எடுக்கலாம்.

விசாரணை 90 நாளில் முடிவது அபூர்வம். கோட்டாட்சியருக்கு நிலப் பிரச்சினை, தேர்தல் வேலை, வெள்ள நிவாரணம் என்று ஆயிரம் பொறுப்புகள். எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. நான்கு முறை வாய்தா. மாத்திரையும் கட்டுச்சோறும் எடுத்துக்கொண்டு போங்கள். வாய்தா கேட்கும் ஒவ்வொரு முறையும் இடைக்காலத் தொகைக் கோரிக்கையை எழுத்தில் நினைவூட்டுங்கள். அளவு மீறி இழுத்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்கும்படி உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடலாம். தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை.

உத்தரவு வந்த பிறகு

உத்தரவின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பெரியம்மாவுக்கு வந்த உத்தரவில் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. இளைய மகன் 5,000, மூத்தவன் 2,000, மகள் 1,500 மாதந்தோறும் தர வேண்டும் என்றும் இருந்தது. வீட்டை ஒப்படைக்க 30 நாள் கெடு. படித்துப் பார்த்தபோது பத்திர எண்ணில் ஓர் இலக்கம் தவறாக இருந்தது. உடனே திருத்தக் கோரி மனுக் கொடுத்தோம். அந்த எண் தவறாக இருந்தால் சார்பதிவாளர் உத்தரவைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே எண், சர்வே எண், எல்லைகள் மூன்றையும் அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்குள் சரிபாருங்கள்.

பணத்தை உத்தரவு வந்த 30 நாளுக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால், தொகை தர வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்திடம் விண்ணப்பியுங்கள். வாரண்ட் போட்டு வசூலிக்கவும், அப்போதும் தராவிட்டால் ஒரு மாதம் வரை சிறைக்கு அனுப்பவும் அதிகாரம் உண்டு. மூன்று மாதக் கெடுவைத் தவறவிட்டால் அந்த மாதத்துப் பாக்கிக்கு இந்த வழி அடைபட்டுவிடும். பாஸ்புக்கை மாதம் ஒருமுறை பதிவு போட்டுப் பாருங்கள்.

உத்தரவு உங்களுக்குப் பாதகமாக வந்தால் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். சட்டத்தின் சொற்கள் அந்த உரிமையைப் பெற்றோருக்கும் மூத்த குடிமக்களுக்கும்தான் கொடுக்கின்றன. பிள்ளைகள் பொதுவாக உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு போவார்கள். நம்மைக் கேட்காமல் தடை உத்தரவு வாங்கிவிடாமல் இருக்க, உத்தரவு கைக்கு வந்த வாரமே வழக்கறிஞர் மூலம் கேவியட் மனு தாக்கல் செய்துவிடுவது நல்லது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவே இதற்கும் உதவும்.

பிறகு உத்தரவை எடுத்துக்கொண்டு சார்பதிவாளரிடம் போங்கள். பதிவேட்டில் குறித்த பின் புதிதாக வில்லங்கம் போட்டு, ரத்து என்ற பதிவு வந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த வில்லங்கத்தோடு தாசில்தார் அலுவலகத்தில் பட்டா மாற்றம், நகராட்சியில் சொத்துவரிப் பெயர் மாற்றம், மின்வாரியத்தில் இணைப்புப் பெயர் மாற்றம். இந்த நான்கும் முடியும்வரை மகன் பெயரிலான பழைய பட்டாவை வைத்து யாராவது கடன் கொடுத்துவிடக் கூடும் என்பதால், இதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

கெடு முடிந்த மறுநாள் கிராம நிர்வாக அலுவலரும் ஒரு காவலரும் வந்து நின்றார்கள். மகன் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டு எதிர்த்திசையில் நடந்தான். பெரியம்மா உள்ளே போய் முதலில் பின்கட்டுப் பூட்டைக் கழற்றி, அதை என் கையில் கொடுத்தார்.